ஐந்தாம் சேனலில் சவுண்டு வரல

கல்யாண ரிசப்ஷன். மெல்லிசைக் குழு முதல் பாட்டைத் தொடங்கிவிட்டது. தபலா கேட்கிறது, கீபோர்டு கேட்கிறது, பாடகியின் வாய் அசைகிறது, குரல் மட்டும் இல்லை. மிக்சருக்கு முன்னால் நிற்பவர் அந்த நேரத்தில் வழக்கமாக என்ன செய்வார்? ஃபேடரை உச்சிக்குத் தள்ளுவார். கெயின் குமிழைக் கடைசிவரை திருப்புவார். மேடையில் இருக்கும் பையனிடம் வயரை ஆட்டிப் பார்க்கச் சொல்வார். பிறகு கண்ணில் பட்ட பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுப்பார். இதில் ஏதோ ஒன்று தற்செயலாகச் சரியான பட்டனாக இருந்துவிட்டால், அதுவரை ஏற்றி வைத்த அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். மண்டபம் முழுக்க ஃபீட்பேக் அலறும். பாக்ஸில் உள்ள ஹார்ன் டிரைவர் அத்தோடு போனாலும் போகும்.

சவுண்டு வராத சேனலில் முதலில் செய்ய வேண்டியது ஏற்றுவது இல்லை, இறக்குவது. அந்த ஒரு சேனலின் ஃபேடரைக் கீழே கொண்டுவந்துவிட்டுத்தான் தேடத் தொடங்க வேண்டும். பக்கத்துச் சேனல்கள் கேட்கின்றனவா என்று ஒரு முறை காது கொடுத்தால் போதும். கேட்கின்றன என்றால் ஆம்ப், பாக்ஸ், மெயின் ஃபேடர் எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன என்று அர்த்தம். சிக்கல் அந்த மைக்குக்கும், அந்தச் சேனல் மற்ற சேனல்களோடு கலக்கும் இடத்துக்கும் நடுவில்தான் எங்கோ இருக்கிறது.

அந்த நடுவழியை மனதில் வரைந்துகொள்ளலாம். சாதாரண அனலாக் மிக்சர் ஒன்றில் மைக் சிக்னல் பின்பக்க ஜாக்கில் நுழைந்ததும் முதலில் சந்திப்பது பேட் என்ற பட்டன். வரும் சிக்னலைக் குறைப்பது அதன் வேலை. அடுத்து கெயின், அது சிக்னலைப் பெருக்குகிறது. அதன் பிறகு இன்சர்ட் என்ற ஒரு திறப்பு. அங்கிருந்து பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் உள்ள ஈக்யூ பகுதி. பிறகு மியூட், ஃபேடர், இடம் வலம் பிரிக்கும் பேன். கடைசியில் ரூட்டிங், அதாவது இந்தச் சேனல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் சின்னச் சின்ன பட்டன்கள். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் ஒன்றிரண்டு இடம் மாறலாம். ஆனால் இந்த வரிசை தெரிந்தவருக்கு மற்றது புரிந்துவிடும்.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. மிக்சரின் முகப்பில் குமிழ்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, சிக்னலும் அதே வரிசையில்தான் இறங்கி வருகிறது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. இன்சர்ட் ஜாக் பின்பக்கத்திலோ மேல் ஓரத்திலோ இருக்கும். அதற்கு முகப்பில் குமிழே கிடையாது. பி.எஃப்.எல். பட்டன் ஃபேடருக்குப் பக்கத்தில் கீழே இருக்கும். ஆனால் அது சிக்னலை எடுப்பது ஃபேடருக்கு முன்னாலிருந்து. பட்டன் உட்கார்ந்திருக்கும் இடம் விரலின் வசதிக்காக. சிக்னலின் உண்மையான வரிசை, மிக்சரோடு வந்த கையேட்டில் ‘பிளாக் டயகிராம்’ என்ற பக்கத்தில் இருக்கிறது, பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில். அந்த ஒரு பக்கத்தை நகல் எடுத்து மிக்சர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கும் சவுண்டு சர்வீஸ்காரர்கள் உண்டு. கையேட்டின் மற்ற பக்கங்களைவிட மேடையில் அதுதான் உதவும்.

தேடலைப் பாதியாகக் குறைக்கும் கருவி அந்த பி.எஃப்.எல். பட்டன்தான். அதை அழுத்தினால் அந்தச் சேனலின் சவுண்டு மட்டும் ஹெட்ஃபோனில் கேட்கும். ஆடியன்ஸ் பக்கம் எதுவும் மாறாது. பெரும்பாலான மிக்சர்களில் அது சிக்னலை ஈக்யூவுக்குப் பிறகு, மியூட்டுக்கும் ஃபேடருக்கும் முன்னால் தொட்டு எடுக்கிறது. ஆகவே ஹெட்ஃபோனில் பாடகியின் குரல் தெளிவாகக் கேட்டால் மைக், வயர், பேட், கெயின், இன்சர்ட் ஆகிய அத்தனையும் சரி. கோளாறு மியூட்டிலோ ரூட்டிங்கிலோ இருக்கிறது. ஹெட்ஃபோனிலும் கேட்கவில்லை என்றால் மியூட்டையும் ரூட்டிங்கையும் தொடவே வேண்டாம், மேலே போக வேண்டும். ஒரே ஒரு பட்டன் பாதி மிக்சரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. ஆனால் ஹெட்ஃபோனே வேலை செய்கிறதா என்பதை, நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வேறொரு சேனலின் பி.எஃப்.எல்.லை அழுத்தி முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெட்ஃபோன் வால்யூம் பூஜ்யத்தில் இருந்ததை அறியாமல் மைக்கை மாற்றியவர்கள் நிறைய.

முதலில் மேல் பாதி.

ஹெட்ஃபோனில் ஒன்றும் கேட்கவில்லை. மைக்கா, வயரா, சேனலா என்று பிரிக்க ஒரு மாற்று வேலை போதும். ஐந்தாம் சேனலில் வரும் வயரைப் பிடுங்கி, காலியாக இருக்கும் ஆறாம் சேனலில் செருகிப் பார்ப்பது. இரண்டு சேனலின் ஃபேடர்களும் கீழே இருக்க வேண்டும். ஆறில் கேட்டால் மைக்கும் வயரும் குற்றமற்றவை. ஆறிலும் கேட்கவில்லை என்றால் மேடைக்குப் போக வேண்டியதுதான். அங்கே மைக்கின் கழுத்தில் உள்ள ஆன்-ஆஃப் சுவிட்ச், வயர்லெஸ் என்றால் பேட்டரி, ஸ்டேஜ் பாக்ஸில் எந்த எண்ணில் செருகியிருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் வழக்கமான வேலை. கண்டென்சர் மைக்காக இருந்தால் அதற்கு 48 வோல்ட் பேன்டம் சப்ளை வேண்டும். சின்ன மிக்சர்களில் பல சேனல்களுக்கும் சேர்த்து அதற்கு ஒரே சுவிட்சுதான் இருக்கும், அது எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

ஆறாம் சேனலில் குரல் கேட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது சந்தேகம் பேட் மீதும் இன்சர்ட் மீதும்.

பேட் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம். அதை அழுத்தினால் சவுண்டு போய்விடும் என்று நினைக்கிறார்கள். மியூட்டும் ரூட்டிங்கும் வழியை அடியோடு அடைக்கக்கூடியவை. பேட் அடைப்பதில்லை, குறைக்க மட்டும்தான் செய்கிறது. வழக்கமான பேட் 20 டெசிபல் குறைக்கும், அதாவது வோல்டேஜ் பத்தில் ஒரு பங்காகும். 26 டெசிபல் பேட் என்றால் இருபதில் ஒரு பங்கு. டிரம்ஸுக்குள் வைத்த மைக், லேப்டாப், கீபோர்டு போன்று பலமாகக் கத்தும் ஆட்களுக்காக வைத்த பட்டன் அது.

எத்தனை பலம், எத்தனை பலவீனம் என்று பார்த்தால்தான் இதன் பாதிப்பு புரியும். நம் ஊர் மேடைகளில் நன்கு தெரிந்த ஷுர் எஸ்.எம். 58 மைக், 94 டெசிபல் அளவு ஒலி தன் மேல் படும்போது வெளியே தருவது சுமார் 1.85 மில்லிவோல்ட். கச்சேரிக் கருவிகள் தரும் ‘ப்ளஸ் 4’ லைன் லெவல் என்பது சுமார் 1.23 வோல்ட், அதாவது மைக்கைப் போல அறுநூறு மடங்குக்கு மேல். அந்த மைக்கின் 1.85 மில்லிவோல்ட்டைப் பேட் 0.185 மில்லிவோல்ட் ஆக்கிவிடும். நேற்று வேறு நிகழ்ச்சியில் அந்தச் சேனலில் லேப்டாப் ஓடியிருந்தால் கெயின் குமிழும் கீழ்க்கோடியிலேயே இருக்கும். பேட் அழுத்தி, கெயினும் கீழே. அதன்மேல் ஒரு பாட்டிக் குரலின் மைக்கைச் செருகினால், மண்டபத்தில் எதுவும் கேட்காது. ஆனால் ஹெட்ஃபோன் வால்யூமை ஏற்றிக் காதை அழுத்திக் கேட்டால், பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல மெல்லிய குரல் இருக்கும். அந்தத் துளிக் குரல்தான் பேட்டின் அடையாளம். முழு நிசப்தம் என்றால் பேட்டின் மேல் பழி போடாதீர்கள்.

பேட்டை விடுவிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பேட் அழுந்தியிருப்பதைக் கவனிக்காமல் யாரோ கெயினை முழுக்க ஏற்றி, எப்படியோ ஓரளவு சவுண்டு எடுத்துவிட்டிருக்கலாம். அதைச் சரிசெய்கிறேன் என்று பேட்டை வெளியே எடுத்தால் வோல்டேஜ் ஒரே தட்டில் பத்து மடங்கு ஏறும். முதலில் கெயினைக் கீழே கொண்டுவந்து, அதற்கப்புறம் பேட்டை விடுவித்து, ஹெட்ஃபோனில் கேட்டபடி மீண்டும் கெயினை ஏற்ற வேண்டும். இன்னொரு விஷயம், சில மிக்சர்களில் மைக் ஜாக்கா, லைன் ஜாக்கா என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டன் பேட்டை ஒட்டியே இருக்கும். அது ‘லைன்’ பக்கம் அழுந்தியிருந்தால் மைக் ஜாக் முழுக்கத் துண்டிக்கப்பட்டிருக்கும். முழு நிசப்தத்தோடு மேல் பாதியில் ஒரு பட்டன் அகப்பட்டது என்றால், அதுதான் முதல் சந்தேகம்.

அடுத்து இன்சர்ட். நான்கில் மிகத் தந்திரமானது இதுதான், ஏனென்றால் முகப்பில் இதற்கு விளக்கும் இல்லை, பட்டனும் இல்லை.

கம்ப்ரஸர் போன்ற வெளிக்கருவி ஒன்றைச் சேனலின் நடுவில் நுழைக்க வைத்த திறப்பு இது. பெரும்பாலான அனலாக் மிக்சர்களில் ஒரே கால் அங்குல ஸ்டீரியோ ஜாக்கில் போக்கும் வரவும் இரண்டும் நடக்கும். பின்னின் முனை வழியாகச் சிக்னல் வெளியே போகும், நடு வளையம் வழியாகத் திரும்பி வரும். இரண்டும் மாறியுள்ள மிக்சர்களும் உண்டு, அது கையேட்டில் இருக்கும். ஒன்றும் செருகாதபோது ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் காண்டாக்ட் முனையையும் வளையத்தையும் நேராக இணைத்து வைத்திருக்கும். சிக்னல் தடையில்லாமல் போய்விடும். பின்னைச் செருகியதும் அந்தக் காண்டாக்ட் விலகும். நெடுஞ்சாலையை மறித்து மாற்றுப்பாதைப் பலகை வைத்தது போல, இனி சிக்னல் வெளியே சுற்றித்தான் வந்தாக வேண்டும். அந்தச் சுற்றுப்பாதையில் எங்காவது பாலம் இல்லை என்றால் வண்டி திரும்பாது.

பாலம் இல்லாமல் போகும் விதங்கள் பல. வெளிக்கருவிக்கு மின்சாரம் இல்லை. கம்ப்ரஸரின் இன்புட்டிலும் அவுட்புட்டிலும் பின்கள் இடம் மாறிச் செருகப்பட்டிருக்கின்றன. இன்சர்ட் வயரின் மறுமுனை எங்கும் செருகாமல் தொங்குகிறது. இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது வேறொன்று. இன்சர்ட் ஜாக்கும் லைன் ஜாக்கும் ஒரே அளவு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இருட்டில் மிக்சரின் பின்புறம் கையைவிட்டுக் கீபோர்டு வயரைச் செருகும் பையன், லைன் ஜாக்குக்குப் பதிலாக இன்சர்ட்டில் செருகிவிடுகிறான். கீபோர்டுக்காரர் “சவுண்டு வரல” என்கிறார். அதே சேனலின் மைக் ஜாக்கில் வேறொரு மைக் செருகியிருந்தால் அதுவும் ஊமையாகிவிடும், ஏனென்றால் சாதாரண மோனோ பின் செருகும்போது வளையம் உள்ள இடம் எர்த்தோடு ஒட்டிக்கொள்கிறது. திரும்பி வரவேண்டிய வழி தரையில் கட்டப்பட்டுவிட்டது.

இப்போது பாடகியின் ஐந்தாம் சேனலுக்கு வருவோம். பதினாறு சேனல், நான்கு குரூப் கொண்ட மிக்சர். குரலுக்கு இன்சர்ட் வழியாக ஒரு கம்ப்ரஸர் கட்டியிருக்கிறார்கள். மிக்சருக்கு முன் நிற்பவர் ஃபேடரை இறக்கிவிட்டு பி.எஃப்.எல்.லை அழுத்துகிறார். ஹெட்ஃபோனில் முழு நிசப்தம். ஆனால் அந்தச் சேனலின் சின்னப் பச்சை சிக்னல் விளக்கு, பாடகி பாடும் தாளத்துக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது.

இந்த விளக்கு ஒன்றே பாதிக் கேஸை முடித்துவிடுகிறது. அவருடைய மிக்சரில் அந்த விளக்கு கெயினுக்குப் பிறகு, இன்சர்ட்டுக்கு முன்பு சிக்னலைப் பார்க்கிறது. ஆகவே மைக், வயர், பேட், கெயின் வரை சிக்னல் வந்து சேர்ந்துவிட்டது. பி.எஃப்.எல்.லில் இல்லை என்பதால் ஈக்யூவைத் தாண்டவில்லை. நடுவில் இருப்பது இன்சர்ட் மட்டும்தான். உதவிக்கு இருப்பவன் ரேக்கின் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கிறான்.

“அண்ணே, கம்ப்ரஸர்ல லைட்டே எரியல.”

“எக்ஸ்டென்ஷன் பாக்ஸ பாரு, எவனாவது செல்போன் சார்ஜரை மாட்டியிருப்பான்.”

அதேதான். வீடியோ லைட்டுக்கு ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்று யாரோ கம்ப்ரஸரின் பிளக்கை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகியிருக்கிறார்கள். மின்சாரம் போனாலும் ரிலே மூலம் உள்ளேயே சிக்னலைக் கடத்திவிடும் கம்ப்ரஸர்கள் இருக்கின்றன, இது அப்படிப்பட்டதில்லை. வேறு பிளக் பாயின்ட் தேடி ஓடுவதைவிட, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வேகமான வழி இன்சர்ட் பின்னை மிக்சரிலிருந்து பிடுங்கிவிடுவது. ஸ்பிரிங் காண்டாக்ட் மூடிக்கொள்ளும், குரல் நேர்வழியில் வரும். ஃபேடர் கீழே இருப்பதால் பின்னைப் பிடுங்கும்போது ‘டக்’ என்ற சத்தம் ஆடியன்ஸுக்குப் போகாது. ஆனால் இப்போது கம்ப்ரஸர் இல்லை, பாடகி உச்ச ஸ்தாயிக்குப் போனால் யாரும் அமுக்கிப் பிடிக்க மாட்டார்கள். ஃபேடரை முன்பு இருந்த இடத்துக்கு அப்படியே ஏற்றாமல் சற்றுக் கீழே நிறுத்தி, கை அதன் மேலேயே இருக்க வேண்டும்.

உங்கள் மிக்சரில் அந்தச் சிக்னல் விளக்கு இன்சர்ட்டுக்கு முன்னா, பின்னா? சில மிக்சர்களில் அது ஈக்யூவுக்குப் பிறகுதான் பார்க்கும். வீட்டில் ஓய்வாக இருக்கும்போது ஒரு சேனலில் பாட்டு ஓடவிட்டு, அதன் இன்சர்ட்டில் ஒரு சாதாரண மோனோ பின்னை முழுக்க அழுத்திச் செருகிப் பாருங்கள். சவுண்டு நின்றுவிடும். விளக்கு தொடர்ந்து எரிந்தால் அது இன்சர்ட்டுக்கு முன்னால் இருக்கிறது. அணைந்தால் பின்னால். ஒரு நிமிட வேலை, அந்த மிக்சரை வைத்திருக்கும்வரை பயன்படும்.

இன்சர்ட்டில் எதுவும் செருகாமலேயே அது கழுத்தறுக்கும் வேளையும் உண்டு. அந்த ஸ்பிரிங் காண்டாக்ட் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் தூசியும் ஈரமும் பட்டுக் கறுத்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்த வேலையைச் சீக்கிரமே முடிக்கும். சேனல் அவ்வப்போது வரும், போகும், சில நேரம் பாஸ் இல்லாமல் மெலிந்து கேட்கும், மிக்சரின் மேல் தட்டினால் சரியாகும். மைக்கை மாற்றியும் வயரை மாற்றியும் ஒன்றும் நடக்காது. ஒரு பின்னை இன்சர்ட்டில் ஏழெட்டு முறை உள்ளே வெளியே விட்டுப் பாருங்கள். சவுண்டு வந்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். இது தற்காலிக வைத்தியம்தான், பிறகு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரால் துடைக்க வேண்டும். நிகழ்ச்சி நடுவில் அதற்கும் நேரமில்லை என்றால், ஒரு ஸ்டீரியோ பின்னில் முனையையும் வளையத்தையும் வயரால் ஒட்டிப் பற்றவைத்து வைத்திருக்கும் பின்னைச் செருகினால் போதும். கறுத்துப்போன காண்டாக்ட் செய்ய வேண்டிய இணைப்பை அந்தப் பின் செய்துவிடும். சாமான் பெட்டியில் அப்படி இரண்டு பின் கிடப்பது நல்லது, ஆளுக்குத் தெரியும்படி சிவப்பு டேப் சுற்றி.

மேல் பாதி அவ்வளவுதான். இனி ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்கிறது, பாக்ஸில் மட்டும் இல்லை என்ற கீழ்ப் பாதி.

மியூட்டைப் பார்ப்பது எளிது என்று தோன்றும், விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போச்சு. ஆனால் எரிந்தால் என்ன அர்த்தம் என்பதில் கம்பெனிகள் ஒத்துப்போவதில்லை. மேக்கி, சவுண்ட்கிராஃப்ட், பெரிங்கர் போன்றவற்றில் மியூட் என்று எழுதிய பட்டன் எரிந்தால் சவுண்டு இல்லை. யமஹாவில் பெரும்பாலும் அங்கே ஆன் என்று எழுதியிருக்கும், எரிந்தால்தான் சவுண்டு. பத்து வருஷம் ஒன்றில் கைபழகியவர் இன்னொருவரின் மிக்சரில் நிற்கும் நாளில், எரியும் விளக்கைப் பார்த்து நிம்மதியாகவும் எரியாததைப் பார்த்துக் கலவரமாகவும் ஆவார், இரண்டும் தலைகீழ். வாடகை மிக்சர் என்றால் பட்டனுக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே வாசித்துவிட வேண்டும்.

மேக்கியின் 1202, 1402 போன்ற சிறிய மிக்சர்களில் மியூட் பட்டனுக்கு ஒரு இரட்டை வேடம் உண்டு. அதை அழுத்தினால் சேனல் மெயினிலிருந்து விலகி ‘ஆல்ட் 3-4’ என்ற தனி அவுட்டுக்குப் போகிறது. அந்த அவுட்டில் ரெக்கார்டர் மாட்டியிருந்தால், மண்டபத்தில் ஒன்றும் கேட்காது, ரெக்கார்டிங்கில் மட்டும் குரல் கணீரென்று பதிந்திருக்கும்.

சேனலின் சொந்த மியூட் விடுபட்டிருந்தும் அது ஊமையாக இருந்தால் வேறு யாரோ அதை மூடியிருக்கிறார்கள். பெரிய மிக்சர்களில் மியூட் குரூப் என்று ஒரே தட்டில் எட்டு மைக்கை மூடும் வசதி இருக்கிறது, பேச்சு முடிந்து பாட்டு தொடங்கும்போது அதைத் திறக்க மறப்பது சகஜம். வி.சி.ஏ., டி.சி.ஏ. என்ற தொகுப்பு ஃபேடர் ஒன்று கீழே கிடந்தாலும் இதே கதைதான், சேனலின் ஃபேடர் மேலே நின்று பொய் சொல்லும். சில மிக்சர்களில் சோலோ பட்டனை ‘இன்ப்ளேஸ்’ என்ற முறையில் வைத்திருந்தால், ஒரு சேனலில் சோலோ அழுத்தியதும் மற்ற எல்லாச் சேனலும் பாக்ஸிலேயே நின்றுவிடும். ஆகவே ஒரு சேனல் தவிர மற்ற அனைத்தும் போய்விட்டது என்றால், போனவற்றைத் தேடாமல் கேட்டுக்கொண்டிருப்பதன் சோலோவைப் பாருங்கள்.

கடைசியாக ரூட்டிங். ஃபேடருக்குப் பக்கத்தில் ‘1-2’, ‘3-4’, ‘எல்-ஆர்’ என்று இரண்டு மூன்று சின்னப் பட்டன்கள் இருக்கும். ஒன்றும் அழுந்தவில்லை என்றால் சிக்னல் ஃபேடர்வரை வந்து அங்கேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரிந்த தவறு என்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சுலபமில்லாதது, பட்டன் அழுந்தியிருந்தும் சவுண்டு வராதது.

அதே மண்டபத்தில் தபலா ஒன்பதாம் சேனலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பாட்டில் அது போய்விட்டது. பி.எஃப்.எல்.லில் நன்றாகக் கேட்கிறது. மியூட் இல்லை. ஃபேடர் மேலே. தபலாக்காரரின் மானிட்டரிலும் கேட்கிறது, அதனால் அவருக்கு ஏதும் தெரியவில்லை, தலையாட்டிக்கொண்டு வாசிக்கிறார். இந்த மானிட்டர் சாட்சி முக்கியம். மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் வழக்கமாக ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுக்கப்படுகிறது. பல மிக்சர்களில் மியூட் அந்த ஆக்ஸையும் நிறுத்தும். ஆகவே மானிட்டரில் இருக்கிறது என்றால் அத்தகைய மிக்சரில் மியூட் திறந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே உறுதியாகிறது. மிச்சம் ஃபேடருக்குக் கீழே உள்ளதுதான்.

ரூட்டிங் பட்டனைப் பார்த்தால் ‘1-2’ அழுந்தியிருக்கிறது, ‘எல்-ஆர்’ இல்லை. அதாவது தபலா நேராக மெயினுக்குப் போகவில்லை. தாள வாத்தியங்களை எல்லாம் ஒன்றாம், இரண்டாம் குரூப்புகளில் சேர்த்து, அங்கிருந்து மெயினுக்கு அனுப்புவது திட்டம். இப்படி அனுப்புவதற்கு மூன்று கதவு திறந்திருக்க வேண்டும். சேனலில் ‘1-2’ பட்டன், குரூப் ஃபேடர் மேலே, குரூப்பில் ‘மெயினுக்கு’ என்ற பட்டன். முதலிரண்டும் சரியாக இருக்கின்றன. மூன்றாவது ஒன்றாம் குரூப்பில் அழுந்தியிருக்கிறது, இரண்டாம் குரூப்பில் அழுந்தவில்லை. அப்படியானால் பாதியாவது கேட்க வேண்டுமே? கேட்காததற்குக் காரணம் பேன் குமிழ். குழுவின் படத்தைப் போல வாத்தியங்களைப் பரப்ப நினைத்து யாரோ தபலாவின் பேனை வலது கோடிக்குத் திருப்பியிருக்கிறார்கள். ‘1-2’ என்று அனுப்பும்போது பேன் இடது என்றால் ஒன்றாம் குரூப், வலது என்றால் இரண்டாம் குரூப். தபலா முழுக்க இரண்டுக்குப் போய், அங்கே கதவு மூடியிருந்ததால் நின்றது. இரண்டாம் குரூப்பின் பட்டனை அழுத்தியதும் தபலா திரும்பியது. சரி, முன்பாட்டில் எப்படிக் கேட்டது? அப்போது பேன் நடுவில் இருந்தது, ஒன்றாம் குரூப் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பேன் குமிழ் நம் ஊரில் இன்னொரு வகையிலும் காலை வாரும். கோயில் திருவிழா, தெருக்கூட்டம் போன்ற இடங்களில் ஸ்டீரியோ யாருக்கும் தேவையில்லை என்பதால், மிக்சரின் லெஃப்ட் அவுட்டிலிருந்து மட்டும் ஆம்புக்கு வயர் போகும். ரைட் அவுட் காலியாக இருக்கும். அந்த ஏற்பாட்டில் பேன் வலது கோடியில் இருக்கும் சேனல் ஊரில் எங்கும் கேட்காது. மிக்சரின் ரைட் மீட்டர் மட்டும் ஆடும். லெஃப்ட், ரைட் மீட்டர்களில் ஒன்று மட்டும் துள்ளுவதைப் பார்த்தால் உடனே பேனைப் பாருங்கள். ஒற்றை வயரில் ஓடும் செட்டில் எல்லா பேனையும் நடுவில் வைத்துவிடுவது நல்லது.

டிஜிட்டல் மிக்சர்களில் இந்த நான்கும் அப்படியே இருக்கின்றன, ஆனால் திரைக்குள். இன்சர்ட்டுக்கு உண்மையான பின் தேவையில்லை; திரையில் இன்சர்ட் ஆன் செய்து, எதுவும் மாட்டாத ஒரு அவுட்டுக்கு அனுப்பிவிட்டால் சேனல் அதே மாதிரி ஊமையாகும். ரூட்டிங் சேனலின் கடைசியில் மட்டும் இல்லை, தொடக்கத்திலும் இருக்கிறது. எந்த ஜாக்கை எந்தச் சேனல் கேட்க வேண்டும் என்பதையே திரையில்தான் சொல்கிறோம். மேடையில் டிஜிட்டல் ஸ்டேஜ் பாக்ஸ் வைத்திருக்கும்போது மிக்சர் இன்னும் தன் பின்பக்க ஜாக்குகளையே கேட்டுக்கொண்டிருந்தால், எட்டு சேனல் அல்லது பதினாறு சேனல் என்று கூட்டமாக நிசப்தமாகும். பழைய நிகழ்ச்சியின் சேமிப்பைத் திறந்த உடனே இப்படி ஆனால் சந்தேகமே வேண்டாம், அதன் ரூட்டிங்கும் கூடவே திரும்பி வந்திருக்கிறது. அங்கேயும் தேடும் முறை மாறவில்லை. திரையில் சேனலின் இன்புட் மீட்டர் துள்ளுகிறதா, பி.எஃப்.எல்.லில் கேட்கிறதா, மெயினுக்கு அனுப்பும் பட்டன் எரிகிறதா.

கோளாறு கிடைத்ததும் ஃபேடரை உடனே ஏற்றிவிடக் கூடாது. தேடும்போது கெயின், ஈக்யூ, ஆக்ஸ் என்று யாராவது எதையாவது மாற்றியிருப்பார்கள். மியூட்டை அழுத்திவிட்டு, பாடகி பாடட்டும், பி.எஃப்.எல். மீட்டரைப் பார்த்தபடி கெயினை மீண்டும் வையுங்கள். குரலின் சராசரி பூஜ்யக் குறியை ஒட்டி நின்று, உச்சத்திலும் சிவப்பு விளக்கு எரியாத அளவில். பேட் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு முறை விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு ஃபேடரைக் கீழே வைத்தே மியூட்டைத் திறந்து, அடுத்த வரியின் தொடக்கத்தில் மெல்ல ஏற்றுங்கள். பாட்டின் நடுவில் திடீரென்று வந்தால் எல்லோரும் மிக்சர் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், வரியின் தொடக்கத்தில் வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.